ஓர் எண்ணுக்கு எத்தனை பிட், எத்தனை இலக்கம்: ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் கணக்கிடும் வழி

பத்து இலக்க அடையாள எண் ஒன்றை 32 பிட் இடத்தில் வைக்க முடியுமா? முன்பு ஒரு முறை இந்தக் கேள்விக்கு நான் அவசரத்தில் விடை சொன்னேன். 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 4294967295. எண்ணிப் பார்த்தேன், பத்து இலக்கம். சரி, பத்து இலக்கம் தாராளமாகப் போகும் என்று முடிவு செய்து, C மொழியில் `uint32_t` என்று எழுதிவிட்டேன். உள்ளே 9876543210 போனது, வெளியே 1286608618 வந்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. திரும்பி வந்ததும் பத்து இலக்க எண்தான் என்பதால், பார்த்தவுடன் சந்தேகம் வரவும் வழியில்லை.

என்ன நடந்தது என்பது இரண்டு எண்களையும் பதினாறு அடிமானத்தில் எழுதினால் பளிச்சென்று தெரியும்.

```
9876543210 = 24CB016EA
1286608618 =  4CB016EA
```

முதலில் நின்ற 2 மட்டும் காணாமல் போயிருக்கிறது. பதினாறு அடிமானத்தின் ஒவ்வொரு இலக்கமும் சரியாக 4 பிட். 32 பிட்டில் எட்டு இலக்கங்களுக்குத்தான் இடம் உண்டு, இந்த எண்ணுக்கோ ஒன்பது வேண்டும். ஒன்பதாவது இலக்கம் வாசலிலேயே விழுந்துவிட்டது.

இந்தத் தவறைச் செய்யாமல் கணக்கிடுவது எப்படி என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். கணக்கு சின்னதுதான். ஆனால் விடை ஒன்று கூடிப் போகவும் ஒன்று குறைந்து போகவும் அதில் நான்கைந்து இடங்கள் இருக்கின்றன.

படி 1: எந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் எண் இருக்கிறது?

மூன்று இலக்க எண் என்றால் என்ன? 100 முதல் 999 வரை. அதாவது 10²-ஐத் தொடலாம், 10³-ஐத் தொடக்கூடாது. எல்லா அடிமானத்துக்கும் இதே கதைதான். அடிமானம் b-யில் n என்ற எண்ணுக்கு k இலக்கங்கள் வேண்டும் என்றால், அதன் பொருள் இது:

```
b^(k-1) <= n < b^k
```

இடது பக்கம் சமக்குறி உண்டு, வலது பக்கம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற எல்லாச் சூத்திரங்களையும் இதிலிருந்து எடுத்துவிடலாம். பிட் என்பது இரண்டு அடிமானத்தில் ஓர் இலக்கம், அவ்வளவுதான். அதனால் பிட் கணக்குக்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை. b இருக்கும் இடத்தில் 2 போட்டால் சரி.

நம்முடைய எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2³³ = 8589934592. 2³⁴ = 17179869184. 9876543210 இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே k = 34. முப்பத்து நான்கு பிட் வேண்டிய எண்ணை முப்பத்திரண்டில் திணித்திருக்கிறேன்.

அதே எண்ணை 0-9, a-z என்று 36 எழுத்துகள் கொண்ட அடிமானத்தில் எழுதினால்? 36⁶ = 2176782336, 36⁷ = 78364164096. நடுவில் இருப்பதால் 7 எழுத்துகள். பெரிய எழுத்துகளையும் சேர்த்து 62 ஆக்கினால், 62⁵ = 916132832, 62⁶ = 56800235584. ஆகவே 6 எழுத்துகள். 62-இல் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. மிகச் சிறிய பத்து இலக்க எண்ணான 1000000000, 62⁵-ஐவிடப் பெரியது. மிகப் பெரியதான 9999999999, 62⁶-ஐவிடச் சிறியது. அதனால் பத்து இலக்க எண் எதுவானாலும் சரியாக ஆறு எழுத்துகள்தான் வரும். 36-இல் அப்படி இல்லை, சில எண்கள் ஆறு எழுத்துகளிலேயே முடிந்துவிடும். ஒரே நீளமான குறியீடு வேண்டும் என்றால் அங்கே முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டியிருக்கும்.

படி 2: கையால் எண்ணுவது

அடுக்குகளின் பட்டியல் கையில் இல்லையென்றால் வகுத்துக்கொண்டே போகலாம். ஓர் எண்ணை அதன் அடிமானத்தால் வகுத்து மீதியை விட்டுவிட்டால், கடைசி இலக்கம் ஒன்று கழன்றுவிடும். எண் பூஜ்ஜியம் ஆகும் வரை எத்தனை முறை வகுத்தோமோ அத்தனை இலக்கங்கள். 1000-க்கு எத்தனை பிட் என்று பார்ப்போம்.

```
1000 → 500 → 250 → 125 → 62 → 31 → 15 → 7 → 3 → 1 → 0
```

அம்புக்குறிகளை எண்ணுங்கள், பத்து. எண்களை எண்ணக்கூடாது, அவை பதினொன்று இருக்கும். 1-இல் நிறுத்திவிடவும் கூடாது, அந்த 1-ம் ஒரு பிட்தான். கையால் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசி அம்பில்தான்.

படி 3: கேள்வி எண்ணைப் பற்றியதா, எண்ணிக்கையைப் பற்றியதா?

இந்த விஷயத்தில் வரும் குழப்பங்களில் பாதி இங்கே பிறக்கிறது என்பது என் எண்ணம். "256-க்கு எத்தனை பிட்?" என்று ஒருவர் கேட்டால், அவர் இரண்டு வெவ்வேறு கேள்விகளில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

256 என்ற எண்ணைச் சேமிக்க வேண்டும் என்றால் 9 பிட். ஏனென்றால் அது 2⁸-ஐத் தொட்டுவிட்டது, இரண்டு அடிமானத்தில் 100000000. ஆனால் 256 வெவ்வேறு பொருள்களுக்கு ஆளுக்கொரு குறி கொடுக்க வேண்டும் என்றால் 8 பிட் போதும். முதல் பொருளுக்கு 0, கடைசிப் பொருளுக்கு 255. நாம் சேமிக்கும் மிகப்பெரிய எண் 255 தான், 256 வரவே வராது.

படி 1-இல் பார்த்த வரிக்கு மடக்கை எடுத்தால் இரண்டு சூத்திரங்கள் கிடைக்கும். n என்ற எண்ணுக்கு வேண்டிய பிட்கள்: இரண்டை அடிமானமாகக் கொண்ட n-இன் மடக்கையில் பின்னத்தை வெட்டிவிட்டு ஒன்றைக் கூட்டவும். M பொருள்களுக்கு வேண்டிய பிட்கள்: M-இன் மடக்கையை எடுத்து, பின்னம் இருந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றவும்.

```
எண் n:          floor(log2 n) + 1
M பொருள்கள்:     ceil(log2 M)
```

n = 1000 என்று போட்டால் இரண்டும் 10 என்றே சொல்லும். அதனால்தான் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2-இன் அடுக்குகளான 8, 64, 1024 போன்றவற்றில் மட்டும் இரண்டும் பிரியும். 1000, 5000 என்று எதையாவது போட்டுச் சோதித்துவிட்டு, விடை சரி என்று நம்பிப் போனால், தவறு எங்கோ உள்ளே உட்கார்ந்து 1024 வரும் வரை காத்திருக்கும்.

பூஜ்ஜியத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். அதற்கு மடக்கை கிடையாது, ஆகவே சூத்திரம் பொருந்தாது. காகிதத்தில் எழுத ஓர் இலக்கம் வேண்டும் என்பதால் 1 என்பது ஒரு விடை. முன்பூஜ்ஜியங்கள் எதையும் எண்ணாவிட்டால் 0 என்பது இன்னொரு விடை. பைத்தானின் `bit_length()` பூஜ்ஜியத்துக்கு 0 என்றே சொல்லும். அச்சிடும் அகலத்துக்காகக் கணக்கிடுகிறீர்கள் என்றால் பூஜ்ஜியத்தைத் தனியாகப் பிரித்து 1 என்று வைத்துவிடுங்கள்.

படி 4: எண் தெரியாது, இலக்கங்கள் மட்டும் தெரியும்

நிஜமாக வேலை செய்யும்போது குறிப்பிட்ட எண் ஒன்று கையில் இருப்பது அபூர்வம். "பத்து இலக்கம் வரை வரலாம், எத்தனை பிட் ஒதுக்கலாம்?" என்றோ, "32 பிட் எண், அச்சிட எத்தனை இடம் விடலாம்?" என்றோதான் கேள்வி வரும். என்னுடைய தவறு இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைத்ததில்தான் இருந்தது.

இதற்கு இரண்டு எண்கள் போதும். ஒரு பிட் என்பது 0.30103 பதின்ம இலக்கம். ஒரு பதின்ம இலக்கம் என்பது 3.3219 பிட். ஒன்று மற்றொன்றின் தலைகீழ். 2¹⁰ = 1024 என்பது 1000-க்கு அருகில் இருப்பதால் பத்து பிட்டுக்கு மூன்று இலக்கம் என்று சொல்லும் பழக்கமும் இங்கிருந்தே வந்தது.

32-ஐ 0.30103-ஆல் பெருக்கினால் 9.63. இந்த 9.63-ஐ எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பது இலக்க எண் எதுவானாலும் 32 பிட்டில் அடங்கும், பத்து இலக்க எண்களில் ஒரு பகுதி மட்டும் அடங்கும் என்று படிக்க வேண்டும். 1000000000 முதல் 4294967295 வரை உள்ளே, அதற்கு மேல் 9999999999 வரை வெளியே. ஆகவே இரண்டு விடைகள்:

எந்த எண்ணையும் நம்பி உள்ளே போடலாம் என்ற உறுதி வேண்டுமா? பின்னத்தை வெட்டுங்கள், 9 இலக்கம். வெளியே அச்சிடும்போது எதுவும் வெட்டுப்படாமல் இருக்க இடம் வேண்டுமா? வெட்டி ஒன்றைக் கூட்டுங்கள், 10 இலக்கம்.

64 பிட்டுக்கு 64 × 0.30103 = 19.27. உள்ளே போட உறுதியானது 19 இலக்கம், அச்சிட 20. அதிகபட்ச எண்ணான 18446744073709551615-ஐ எண்ணிப் பாருங்கள், இருபது இருக்கும். குறை எண்களையும் தாங்கும் 64 பிட் என்றால் குறிக்கு ஒரு பிட் போய் மீதி 63. 63 × 0.30103 = 18.97. அச்சிட 19 இடமும் கழித்தல் குறிக்கு ஓர் இடமும் வேண்டும், ஆனால் நம்பி உள்ளே போடக்கூடியது 18 இலக்கம்தான். 18.97 என்பது 19-ஐ மயிரிழையில் தவறவிடுகிறது. 9223372036854775807 வரை சரி, 9-இல் தொடங்கும் பத்தொன்பது இலக்க எண்களில் மிச்சமுள்ளவை வெளியே.

ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுபவர்கள் 53 என்ற எண்ணையும் இதே வழியில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சாதாரண எண் வகை 53 பிட் வரைதான் முழு எண்களை ஒன்று விடாமல் தாங்கும். 53 × 0.30103 = 15.95. அதாவது 15 இலக்க எண் எதையும் நம்பலாம், 16 இலக்கத்தை நம்ப முடியாது. 9007199254740993 என்று தட்டிப் பாருங்கள், 9007199254740992 என்று திரும்பி வரும். இங்கே முன்னிலக்கம் விழவில்லை, கடைசி இலக்கம் மாறியிருக்கிறது. பதினாறு இலக்க அடையாள எண்களை அங்கே எழுத்துச் சரமாகவே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எதிர்த்திசையில், D இலக்கங்கள் தெரிந்து பிட்கள் வேண்டும் என்றால், D-ஐ 3.3219-ஆல் பெருக்கி மேலே ஏற்றுங்கள். பத்து இலக்கத்துக்கு 33.22, ஆகவே 34 பிட். இந்த ஒரு பெருக்கலை அன்று செய்திருந்தால் `uint64_t` என்று எழுதியிருப்பேன்.

ஓர் எச்சரிக்கை. "வெட்டி ஒன்றைக் கூட்டு" என்ற வழி பத்து அடிமானத்துக்குச் சரியாக வருவதற்குக் காரணம், 2-இன் எந்த அடுக்கும் 10-இன் அடுக்காக ஆகாது (1-ஐத் தவிர). அடிமானம் 8, 16, 64 என்று 2-இன் அடுக்காகவே இருந்தால் கணக்கு சில சமயம் கச்சிதமாகப் பொருந்திவிடும், அப்போது ஒன்றைக் கூட்டினால் தவறு. 32 பிட்டுக்குப் பதினாறு அடிமானத்தில் 32 ÷ 4 = 8. உள்ளே போடவும் எட்டுதான், அச்சிடவும் எட்டுதான். பொருந்தாதபோது மட்டும் மேலே ஏற்றுங்கள்: 34 ÷ 4 = 8.5, ஆகவே 9. மேலே பார்த்த 24CB016EA-வின் நீளமும் அதுவே.

படி 5: நிரலில் எழுதும்போது

சூத்திரம் கையில் இருக்கிறது, நேராக எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். எழுதாதீர்கள். பைத்தானில் இதைப் போட்டுப் பாருங்கள்.

```python
>>> import math
>>> math.log(1000, 10)
2.9999999999999996
>>> math.log2(2**53 - 1)
53.0
```

முதலாவதில் பின்னத்தை வெட்டி ஒன்றைக் கூட்டினால் 1000 மூன்று இலக்க எண் என்று வரும். இரண்டாவதில் நேர்மாறு. 2⁵³ − 1 என்பது 53 பிட் எண், அதன் மடக்கை 53-க்கு ஒரு துளி கீழே இருக்க வேண்டும். அந்தத் துளி மிதவைப் புள்ளி எண்ணில் எழுத முடியாத அளவுக்குச் சிறியது, அதனால் 53.0 என்று உருண்டுவிடுகிறது. ஒன்றைக் கூட்டினால் 54 பிட் என்ற தவறான விடை வருகிறது. சின்ன எண்களில் சோதித்தால் இந்த இரண்டாவது வகைத் தவறு கண்ணில் படவே படாது.

முதல் உதாரணத்துக்கு `math.log10` பயன்படுத்தினால் 3.0 என்று சரியாக வரும். ஆனால் அதுவும் முழுத் தீர்வு அல்ல. பதினெட்டு ஒன்பதுகளைக் கொண்ட எண்ணைக் கொடுத்தால் 18.0 என்று சொல்லிப் பத்தொன்பது இலக்கமாக்கிவிடும்.

பிட்களுக்கு வழி எளிது. எண் ஏற்கெனவே இரும வடிவில்தான் இருக்கிறது, மடக்கையே தேவையில்லை. பைத்தானில் `n.bit_length()`, C++20-இல் `std::bit_width(n)`, ஜாவாவில் `32 - Integer.numberOfLeadingZeros(n)`. ஜி.சி.சி.யின் `__builtin_clz` பயன்படுத்துவதாக இருந்தால் பூஜ்ஜியத்தை அதனிடம் அனுப்பாதீர்கள், அதற்கு விடை வரையறுக்கப்படவில்லை.

மற்ற அடிமானங்களுக்கு, படி 2-இல் கையால் செய்ததையே எழுதினால் போதும்: வகுத்துக்கொண்டே போய் எண்ணுவது. 64 பிட் எண்ணுக்குப் பத்து அடிமானத்தில் அதிகபட்சம் இருபது வகுத்தல், அவ்வளவே. வகுப்பதற்குப் பதில் `while (p <= n) p *= 10` என்று பெருக்கிக்கொண்டே போகும் வழியும் புழக்கத்தில் உண்டு. நிலையான அகலம் கொண்ட எண்களில் அது ஒரு பொறி. 32 பிட்டில் n = 4000000000 என்றால், p முதலில் 1000000000 வரை ஒழுங்காக வரும். அடுத்த பெருக்கலில் பத்து பில்லியன் ஆக வேண்டியது நிரம்பி வழிந்து 1410065408 ஆகிவிடும். அது n-ஐவிடச் சிறியது, ஆகவே சுழற்சி அங்கே நிற்காமல் மேலும் எண்ணித் தவறான விடையைத் தரும்.

பைத்தானில் எண்கள் ஆயிரக்கணக்கான இலக்கங்கள் வரை வளரலாம் என்பதால் வகுத்தல் மெதுவாகும். `len(str(n))` என்று எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அது குறை எண்ணில் கழித்தல் குறியையும் சேர்த்து எண்ணும், பைத்தான் 3.11 முதல் 4300 இலக்கங்களைத் தாண்டினால் `ValueError` கொடுத்து நின்றுவிடும். அங்கே மடக்கையை ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை முழு எண் ஒப்பீட்டிடம் விட்டுவிடுவது நல்லது.

```python
def digits(n, b):
    if n == 0:
        return 1
    k = int((n.bit_length() - 1) / math.log2(b))
    while b**k <= n:
        k += 1
    return k
```

பிட் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பதால் ஊகம் எப்போதும் சற்றுக் குறைவாகவே விழும். அப்புறம் `b**k <= n` என்ற வரி அதைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். அந்த வரி படி 1-இல் எழுதியதேதான். 1000-ஐக் கொடுத்தால், பிட் 10, அதில் ஒன்று குறைய 9, அதை 3.3219-ஆல் வகுத்தால் 2.7, ஊகம் 2. 100 ≤ 1000, ஆகவே 3. 1000 ≤ 1000, ஆகவே 4. 10000 பெரியது, நிறுத்து. நான்கு இலக்கம். சமக்குறி இல்லாமல் `<` என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றில் நின்றிருக்கும்.

படி 6: குறை எண்கள்

கணினிகள் இன்று குறை எண்களை இரண்டின் நிரப்பி முறையில் வைக்கின்றன. k பிட்டில் −2^(k−1) முதல் 2^(k−1) − 1 வரை அடங்கும். இரண்டு பக்கமும் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். 8 பிட்டில் −128 அடங்கும், 128 அடங்காது. ஆகவே n குறை எண்ணாக இருந்தால், அதன் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்த எண்ணுக்கான பிட்களை எண்ணி, குறிக்காக ஒன்றைக் கூட்டுங்கள். −200-க்கு: 199, அதற்கு 8 பிட், குறிக்கு ஒன்று, ஆக 9. மிகை எண்ணுக்கு எதையும் கழிக்க வேண்டாம், பிட்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். பைத்தானின் `bit_length()` குறியைக் கணக்கில் எடுப்பதில்லை, −200-க்கு 8 என்றே சொல்லும்.

எழுதியது சரியா என்று பார்ப்பது

சும்மா நினைவுக்கு வந்த எண்களைப் போட்டுச் சோதிப்பதில் பயனில்லை, இங்கே தவறுகள் எல்லாம் விளிம்பில்தான் இருக்கின்றன. அடிமானத்தின் ஒவ்வோர் அடுக்கையும் எடுத்து, அதற்கு ஒன்று முன்னாலும் அந்த அடுக்கிலும் விடையைக் கேளுங்கள். `b**k - 1`-க்கு k வர வேண்டும், `b**k`-க்கு k + 1 வர வேண்டும்.

```python
for b in (2, 3, 10, 16, 36, 62):
    for k in range(1, 200):
        assert digits(b**k - 1, b) == k
        assert digits(b**k, b) == k + 1
```

அப்புறம் 0, 1 இரண்டையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். தரவை ஓரிடத்தில் வைத்து எடுக்கும் நிரல் என்றால் உங்களுக்கு வரக்கூடிய மிகப்பெரிய எண்ணை, பத்து இலக்கம் என்றால் 9999999999-ஐ, உள்ளே போட்டு வெளியே எடுத்து ஒப்பிடுங்கள். 1234567890 போட்டுப் பார்த்தால் அது 32 பிட்டிலும் சிரமமில்லாமல் போய் வந்துவிடும்.